முன்னால் ஒரு படம், பின்னால் 72 பக்கம்: ஒரு திட்ட அறிக்கைக்கு அட்டைப் பக்கம் சேர்த்த கதை

கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ், டிடிபி, பைண்டிங் என்று மூன்றும் சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருகிறவர்களில் பாதிப் பேர் திட்ட அறிக்கையோடு வருபவர்கள். அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, முன்னால் ஒரு படத்தை மட்டும் வைத்துக் கொடுங்கள்." கேட்கும்போது இரண்டு நிமிட வேலையாகத் தெரியும். ஒருமுறை அந்த இரண்டு நிமிட வேலை எனக்கு ஒரு மாலைப் பொழுதையும் 37 தாள்களையும் தின்றது. அதை இங்கே முழுவதுமாக எழுதிவைக்கிறேன்.

வந்தவர் வரலாற்றுத் துறையில் இறுதியாண்டு படிக்கும் மாணவி. தலைப்பு, வைகைப் பாசனக் கண்மாய்களின் மடைகள் பற்றியது. அறிக்கை 72 பக்கம், லிப்ரே ஆபீஸில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கியது. முதல் எட்டுப் பக்கங்கள் தலைப்புப் பக்கம், சான்றிதழ், நன்றியுரை, பொருளடக்கம் முதலியவை. அவற்றுக்கு ரோமன் சிற்றெழுத்தில் எண். ஒன்பதாவது பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று 64 வரை. தாளின் இரு பக்கமும் அச்சிடலாம் என்று துறை அனுமதித்திருந்ததால், பைண்டிங் ஓரத்தில் 35 மி.மீ., வெளி ஓரத்தில் 25 மி.மீ. என்று ஒற்றைப்படை, இரட்டைப்படைப் பக்கங்களுக்கு ஓரங்களை மாற்றி மாற்றி விட்டிருந்தார். ஒழுங்காகச் செய்யப்பட்ட கோப்பு.

எல்லாம் முடிந்த பிறகு அவருடைய நெறியாளர், களப்பணியில் எடுத்த மடையின் படத்தை முதல் பக்கமாக வைக்கச் சொல்லிவிட்டார். கல்லூரியின் இணையவழிச் சமர்ப்பிப்புக்கு 10 எம்பி உச்சவரம்பு. அதோடு பைண்டிங் செய்த இரண்டு பிரதிகளும் வேண்டும்.

மூலக் கோப்பிலேயே படத்தைச் சேர்த்துவிடலாமே என்றுதான் முதலில் கேட்டேன். முடியாது என்றார். சான்றிதழ் பக்கத்தில் நெறியாளரும் துறைத் தலைவரும் கையெழுத்திட்டு, அதை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பின் இரண்டாம் பக்கமாக ஏற்கெனவே செருகியாகிவிட்டது. மூலக் கோப்புக்குத் திரும்பினால் பக்க எண் நகரும், பொருளடக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும், சான்றிதழை மறுபடி செருக வேண்டும். அவர் சொன்னது நியாயம். பிடிஎஃப்பின் முன்னால் ஒரு பக்கத்தை ஒட்டினால் உள்ளே அச்சாகியிருக்கும் எண் எதுவும் அசையாது. பொருளடக்கத்தில் 23 என்று இருந்தால் அந்தப் பக்கத்தின் அடியிலும் 23 என்றே இருக்கும். (ஒரு விதிவிலக்கு: கோப்பில் மின்னணுக் கையொப்பம் இடப்பட்டிருந்தால் இந்த வழியைத் தொடவே கூடாது. எந்தப் பக்கத்தைச் சேர்த்தாலும் கையொப்பம் செல்லாததாகக் காட்டும். இவருடையது பேனாக் கையெழுத்து, அதனால் சிக்கல் இல்லை.)

கடைக்கு வருமுன் அவரே ஒரு முயற்சி செய்திருந்தார். படத்தைப் பிடிஎஃப் ஆக்கும் இணையதளம் ஒன்று, இரண்டு பிடிஎஃப்களை ஒட்டும் இணையதளம் இன்னொன்று. விளைந்த கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணே, முதல் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? மற்ற பக்கங்கள் எல்லாம் தபால் தலை மாதிரி ஆகிவிட்டன."

ஒன்றரை மீட்டர் அகலப் பக்கம்

திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தைத் திரை அகலத்துக்குப் பொருத்தினால் படம் அழகாக நிற்கிறது. கீழே உருட்டினால் அடுத்த பக்கங்கள் நடுவில் சிறிய சீட்டுகளாகத் தொங்குகின்றன. இந்த அறிகுறியைக் கண்டதும் பக்க அளவைப் பார்க்க வேண்டும். அதற்கு நான் பயன்படுத்துவது `pdfinfo` என்ற சிறு கருவி. பாப்ளர் தொகுப்போடு வருவது.

```
pdfinfo -f 1 -l 3 final.pdf

Page    1 size:  4000 x 3000 pts
Page    2 size:  595.304 x 841.89 pts (A4)
Page    3 size:  595.304 x 841.89 pts (A4)
```

பிடிஎஃப்பில் பக்க அளவு பாயிண்ட் கணக்கில் இருக்கும். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். ஏ4 தாள் 210 × 297 மி.மீ.; பாயிண்டில் ஏறக்குறைய 595 × 842. இரண்டாம் பக்கம் முதல் எல்லாம் சரி. முதல் பக்கமோ 4000 பாயிண்ட் அகலம். 72 ஆல் வகுத்தால் 55.6 அங்குலம், அதாவது 1.41 மீட்டர். உயரம் 1.06 மீட்டர். ஒரு கட்டிலின் மேல் விரிக்கிற அளவுத் தாளை ஏ4 கட்டின் மேல் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

எப்படி நடந்தது? கைபேசிப் படத்துக்கு அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. அதற்கு இருப்பது பிக்சல் மட்டும்: இந்தப் படத்தில் 4000 × 3000. பக்கத்துக்கோ அளவு இருந்தே ஆகவேண்டும். இரண்டையும் இணைப்பது, ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற ஓர் எண். அதைப் பல கைபேசிகள் சம்பிரதாயமாக 72 என்று ஜேபெக் கோப்புக்குள் எழுதிவைக்கின்றன. கேமராவுக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை; ஏதோ ஒன்றை நிரப்ப வேண்டும் என்பதற்காக நிரப்புவது. படத்தைப் பிடிஎஃப் ஆக்கும் கருவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் ஒரு பிக்சல் ஒரு பாயிண்ட் ஆகிவிடும். இங்கே நடந்தது அதுதான்.

திரையில் பார்க்கிறவருக்கு இது வெறும் எரிச்சல். அச்சுக்கு வரும்போது வேறு மாதிரி. பென் டிரைவை இயந்திரத்தில் நேராகச் செருகி அச்சிட்டால் சில இயந்திரங்கள் முதல் பக்கத்திலேயே தாள் அளவு பொருந்தவில்லை என்று நின்றுவிடும். சில, படத்தைச் சுருக்கித் திருப்பி அடித்துவிடும். எது நடக்கும் என்பது இயந்திரத்தின் மனநிலையைப் பொறுத்தது.

கோப்பின் கனத்துக்கும் இதே படம்தான் காரணம். அறிக்கை 6.4 எம்பி, ஒட்டிய பிறகு 12.2 எம்பி. கைபேசிப் படம் 5.8 எம்பி, அப்படியே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. 10 எம்பி வரம்பில் அது ஏறாது. `pdfimages -list` என்று கேட்டால், எந்தப் பக்கத்தில் எத்தனை பிக்சல் படம், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல், எவ்வளவு கனம் என்று ஒரு பட்டியல் வரும். முதல் வரியில் 4000, 3000, 72, 5.8 எம்பி என்று எல்லாமே வரிசையாக நின்றன.

இப்படி மாற்றமின்றி உள்ளே போகும் ஜேபெக்கில் இன்னொன்றும் கூடவே போகும். கைபேசியில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால் படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக் கோப்புக்குள் இருக்கும். பிடிஎஃப்பிலிருந்து படத்தைப் பிரித்தெடுக்கிறவர் அதைப் படிக்கலாம். கண்மாய் மடை எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும், ஆகவே இங்கே கவலை இல்லை. வீட்டு மொட்டை மாடியில் எடுத்த படத்தை அட்டையில் வைக்கிறவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

படுக்கைப் படம், நிற்கும் தாள்

பக்க அளவை ஏ4 என்று கட்டாயப்படுத்தினால் முடிந்தது என்றுதான் நினைப்போம். ஆனால் படம் படுக்கை வாக்கில் எடுத்தது, தாள் நிற்கிறது. மாணவிக்குப் படம் பக்கம் முழுவதும் பரவி நிற்க வேண்டும் என்று ஆசை.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஏ4 தாளில் உயரம் அகலத்தைப் போல 1.414 மடங்கு. 3000 பிக்சல் உயரத்தை முழுதாக வைத்துக்கொண்டால், அகலத்தில் 2121 பிக்சல்தான் மிஞ்சும். 4000இல் 2121 என்றால் ஏறத்தாழ பாதிப் படம் போய்விடும். படத்தில் இடது பக்கம் மடையின் இரு கல் தூண்கள், வலது பக்கம் நீர்ப்பரப்பு, தொலைவில் கரை. நடுவில் வெட்டினால் ஒரு தூண் போகும். தூண்கள் இருக்குமாறு வெட்டினால் நீரே இல்லை. நீர் இல்லாத படத்தில் அது மடையா, இடிந்த மண்டபமா என்றே தெரியவில்லை. மாணவியே வேண்டாம் என்றுவிட்டார்.

முழுப் பக்கப் படத்துக்கு எதிராக என்னிடம் வேறு இரண்டு காரணங்களும் உண்டு. கடைகளில் இருக்கும் லேசர் இயந்திரம் தாளின் விளிம்பு வரை அச்சிடாது. நான்கு பக்கமும் ஏறத்தாழ நான்கு மி.மீ. வெள்ளையாக விட்டுவிடும். முழுப் படம் போட்டால் அந்த வெள்ளைக் கோடு, அதுவும் தாள் நகர்வதைப் பொறுத்து ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும், மலிவான காலண்டரைப் போலத் தெரியும். அதைத் தவிர்க்கப் பெரிய தாளில் அடித்து வெட்ட வேண்டும்; இரண்டு பிரதிக்கு யாரும் அந்தச் செலவு செய்வதில்லை. இரண்டாவது, பைண்டிங். இடது ஓரத்தில் ஒரு சென்டிமீட்டராவது தையலுக்குள் போய்விடும். தூண்கள் இடது பக்கம் இருக்கும் படத்துக்கு அது ஆகாது.

ஆகவே படத்தை வெட்டாமல், அறிக்கையின் எழுத்துப் பகுதி எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் வைப்பது என்று முடிவு செய்தோம். 210இல் உள் ஓரம் 35, வெளி ஓரம் 25 போக 150 மி.மீ. அகலம். நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் உயரம் 112.5 மி.மீ. மேலே தலைப்பு, நடுவில் படம், கீழே மாணவியின் பெயரும் துறையும் ஆண்டும். இப்படி வைக்கும்போது அட்டைப் பக்கத்தின் இடது விளிம்பும் உள்ளே இருக்கும் ஒற்றைப்படைப் பக்கங்களின் இடது விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும். பார்க்கிறவர் காரணத்தைக் கவனிக்கமாட்டார், ஆனால் ஒட்டவைத்த பக்கம் என்று தோன்றாது.

தலைப்பைப் படத்தின் மேலேயே பொறித்து ஒரே படமாக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தமிழில் எழுதுகிறவர்கள் அதில் இரண்டு முறை அடி வாங்குவார்கள். பொறித்த எழுத்து எழுத்தாக இருக்காது, பிக்சலாகிவிடும். பெரிதாக்கினால் விளிம்பு பிசிறும், தேடினால் அகப்படாது. அதைவிட மோசமானது, கட்டளை வழியாகப் படத்தில் எழுதும் கருவிகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது என்பது. இமேஜ்மேஜிக்கில் அதற்கான துணை நூலகம் சேர்க்கப்படாவிட்டால், 'வைகை' என்பதில் ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னால் வருவதற்குப் பதில் பின்னால் போய் உட்காரும். 'கொ' என்பதில் கொம்பும் காலும் தத்தம் வழியே போகும். ஆங்கிலத் தலைப்பை வைத்துச் சோதித்துப் பார்த்தவர் இதைக் கவனிக்கவே மாட்டார்.

அதனால் அட்டைப் பக்கத்தையும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலேயே செய்தேன். புதிய ஆவணம், தாள் ஏ4, அறிக்கையின் அதே ஓரங்கள், அதே எழுத்துரு. படத்தைச் செருகி, பண்புகளில் விகிதம் மாறாமல் அகலம் 15 செ.மீ. என்று கொடுத்து, எழுத்தைப் போல வரியோடு நிற்குமாறு நங்கூரமிட்டேன். இல்லையென்றால் மேலே தலைப்பில் ஒரு வரி கூடினாலும் படம் எங்காவது நகர்ந்துவிடும்.

படத்தின் கனத்தைக் குறைக்கத் தனி வேலை எதுவும் செய்யவில்லை. பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும் பெட்டியில், படங்களை 300 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சலுக்குக் குறைப்பதும் ஜேபெக் தரம் 90 என்பதும் முன்கூட்டியே அமைந்திருக்கும். 15 செ.மீ. அகலத்தில் 300 டிபிஐ என்றால் 1772 பிக்சல் போதும். மீதியை அதுவே சுருக்கிவிடும். அட்டைப் பக்கம் 0.7 எம்பியில் வந்தது. கைபேசிப் படம் 5.8 எம்பி என்பதை நினைத்துப் பாருங்கள். லேசர் அச்சில் இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

ஒட்டும் இடத்தில் இழந்தது

பக்கம் தயார். இனி ஒட்ட வேண்டும். இங்கே மாணவியின் கோப்பில் அவரே கவனிக்காத ஒரு குறை இருந்தது. அவருடைய முதல் பிடிஎஃப்பைத் திறந்தால் இடது பக்கத்தில் இயல்களின் பெயர்கள் வரிசையாகப் புக்மார்க்குகளாக நிற்கும். பொருளடக்கத்தில் ஒரு வரியைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்துக்குப் போகும். இணையதளத்தில் ஒட்டிய கோப்பில் புக்மார்க் பட்டியல் காலி. பொருளடக்கத்தில் சொடுக்கினால் எதுவும் நடக்கவில்லை.

இதற்குக் காரணம் பிடிஎஃப்பின் கட்டமைப்பில் இருக்கிறது. புக்மார்க் பட்டியல் எந்தப் பக்கத்துக்குள்ளும் இல்லை. அது ஆவணத்தின் வேரில், எல்லாப் பக்கங்களுக்கும் மேலே தொங்குகிறது. ஒரு கருவி புதிய வெற்று ஆவணத்தைத் திறந்து, பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவந்து அடுக்கினால், வேரில் இருப்பது பழைய வீட்டிலேயே தங்கிவிடும். பொருளடக்க இணைப்புகளையும் சில கருவிகள் விட்டுவிடும். 'பிரிண்ட்' கொடுத்துப் பிடிஎஃப் ஆகச் சேமிக்கிறவர்களுக்கும் இதே இழப்பு உண்டு. அங்கே இணைப்புகளும் சேர்ந்தே போகும், ஏனென்றால் அச்சுக்குப் போகும் தாளில் சொடுக்க எதுவும் இருக்க வழியில்லை.

நான் பயன்படுத்தியது `qpdf`. இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பக்கங்களின் உள்ளடக்கத்தை மறுபடி சுருக்கவோ வரையவோ செய்யாது.

```
qpdf report.pdf --pages cover.pdf 1 report.pdf 1-z -- final.pdf
```

இந்த வரியில் `report.pdf` இரண்டு முறை வருவதைப் பார்த்துப் பலர் ஒன்றை அழித்துவிடுவார்கள். அழிக்கக் கூடாது. முதலில் வருவது வீட்டுக்காரர்: வேர், புக்மார்க், ஆவணத்தின் பெயர் எல்லாம் அந்தக் கோப்பிலிருந்தே வரும். `--pages` என்பதற்குப் பிறகு வருவது பக்கங்களின் வரிசை: அட்டையின் முதல் பக்கம், பிறகு அறிக்கையின் 1 முதல் கடைசி வரை, `z` என்றால் கடைசிப் பக்கம். இணையத்தில் அதிகம் பரவியிருக்கும் இன்னொரு வடிவத்தில் வீட்டுக்காரரின் இடத்தில் `--empty` என்று இருக்கும். ஒட்டும், ஆனால் வெற்று வீட்டில் ஒட்டும், புக்மார்க் போய்விடும். `cover.pdf` முன்னால் வருகிறதே என்று அதை வீட்டுக்காரராக்கினாலும் இதே கதிதான்.

ஓடவிட்டேன். 73 பக்கம், 7.1 எம்பி. எல்லாப் பக்கமும் ஏ4. புக்மார்க் இருக்கிறது. பொருளடக்கத்தில் மூன்று வரிகளைச் சொடுக்கிப் பார்த்தேன், மூன்றும் சரியான இயலுக்குப் போயின. ஒரு பக்கம் முன்னால் சேர்ந்ததால் அவை பிசகவில்லை, ஏனென்றால் அவை சுட்டுவது பக்கத்தின் வரிசை எண்ணையல்ல, பக்கத்தையே. மாணவியின் முகத்தில் நிம்மதி. உள்ளே வண்ண வரைபடங்கள் இருந்ததால் முழுக் கோப்பையும் வண்ண இயந்திரத்துக்கு, இருபக்க அச்சில் அனுப்பினேன்.

நான் செய்த தவறு

முதல் பிரதி வெளியே வந்தது. 37 தாள். கட்டைத் தட்டி ஒழுங்காக்கி பைண்டிங் மேசையில் வைத்து, தலைப்புப் பக்கம் எங்கே என்று பார்த்தேன். அட்டைப் படத்தின் முதுகில் இருந்தது. மெல்லிய தாள், மடையின் கருமையான கல் தூண்கள் தலைப்புப் பக்கத்தின் எழுத்துகளுக்குப் பின்னால் நிழலாடின.

அது அசிங்கம்தான், ஆனால் பெரிய சேதம் அடுத்த தாள்களில் இருந்தது. அறிக்கையில் ஒற்றைப்படைப் பக்கங்கள் தாளின் முன்பக்கம், இரட்டைப்படை பின்பக்கம் என்று வைத்துத்தான் ஓரங்கள் விடப்பட்டிருந்தன. முன்னால் ஒரே ஒரு பக்கத்தைச் சேர்த்ததும் ஒவ்வொரு பக்கமும் ஓர் இடம் தள்ளி, முன்பக்கம் பின்பக்கமாயிற்று. 35 மி.மீ. இருக்க வேண்டிய பைண்டிங் ஓரத்தில் 25 மி.மீ., வெளியே 35 மி.மீ. தையல் போட்டால் எழுத்துகள் மடிப்பின் இருட்டுக்கு அருகே போய்விடும். வலது கைப் பக்கத்தில் தொடங்க வேண்டிய இயல்கள் எல்லாம் இடது கைப் பக்கத்தில் தொடங்கின. கடைசித் தாளின் பின்பக்கம் காலி.

கோப்பைத் திரையில் எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியாது. பக்க அளவு சரி, இணைப்பு சரி, எண் சரி. தாளில் மட்டுமே தெரியும் பிழை இது. மாணவி ஓரங்களை மாற்றி விட்டிருக்கிறார் என்பதை வந்த உடனே கவனித்தவன் நான், கவனித்தும் மறந்தேன்.

திருத்தம் எளிது. அட்டைக்குப் பின்னால் ஒரு வெற்றுப் பக்கம். ரைட்டரில் அட்டைப் பக்கத்தின் இறுதியில் கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் இரண்டாவது பக்கம் பிறக்கும்; எதுவும் எழுதாமல் ஏற்றுமதி செய்தேன். இப்போது `cover.pdf` இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் படம், அதன் முதுகு வெள்ளை. கட்டளையில் `1` என்பது `1-2` ஆனது. மொத்தம் 74 பக்கம். தாள் எண்ணிக்கை அதே 37தான். முன்பு கடைசியில் காலியாகக் கிடந்த முதுகு இப்போது அட்டைக்குப் பின்னால் வந்துவிட்டது, அவ்வளவே. தலைப்புப் பக்கம் இரண்டாவது தாளின் முன்பக்கம். 1 என்று எண்ணிட்ட பக்கம் கோப்பில் 11ஆவது, ஒற்றைப்படை, முன்பக்கம். சரி.

ஒருபக்க அச்சு மட்டும் என்றால் இந்த வெற்றுப் பக்கம் தேவையில்லை. வீணாக ஒரு தாள் போகும். அட்டையைத் தனியாகத் தடித்த தாளில் அடித்து மேலே வைக்கிற வழக்கமும் உண்டு. அப்போதும் அச்சுக்குத் தேவையில்லை.

மாணவிக்கு ஒரு சந்தேகம். "கல்லூரித் தளத்தில் ஏற்றும் கோப்பில் அந்த வெள்ளைப் பக்கம் எதற்கு அண்ணே? ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கிறதே." திரைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று இரண்டு கோப்புகள் தரலாம். நான் அதற்கு உடன்படுவதில்லை. வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு சொல்லைத் திருத்தினால், இரண்டில் எது திருத்தியது என்று மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. ஒரே கோப்பு இருக்கட்டும் என்றேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

மிச்சமிருந்தது பக்க எண். அச்சான எண் அசையவில்லை என்றாலும், திரையில் படிக்கும் தேர்வாளர் பெட்டியில் 23 என்று தட்டினால் கோப்பின் 23ஆவது பக்கத்துக்குப் போவார். அங்கே அச்சாகியிருப்பது 13. அட்டை சேர்ப்பதற்கு முன்பே எட்டுப் பக்க வித்தியாசம் இருந்தது, இப்போது பத்து. பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயர்ச்சீட்டு வைக்க இடமுண்டு. அண்மைய `qpdf` பதிப்புகளில் அதற்கு ஒரு வரி போதும்:

```
qpdf final.pdf --set-page-labels 1:A 3:r 11:D -- final2.pdf
```

முதல் பக்கத்திலிருந்து A, B என்று எழுத்து. மூன்றாவதிலிருந்து ரோமன் சிற்றெழுத்து. பதினொன்றாவதிலிருந்து 1, 2, 3. அட்டைக்கு A, வெற்றுப் பக்கத்துக்கு B, தலைப்புப் பக்கம் i. இந்தச் சீட்டை மதிக்கும் படிப்பானில் இப்போது 23 என்று தட்டினால் 23 என்று அச்சான பக்கமே வரும். கைபேசிப் படிப்பான்கள் சில இதைக் கண்டுகொள்வதில்லை. அவற்றில் பழைய வித்தியாசம் அப்படியே இருக்கும். அதற்கு நான் செய்ய ஒன்றுமில்லை.

கடைசியாக `qpdf --check final2.pdf` ஓடவிட்டு, பிழை ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு முழுவதையும் அச்சிடுவதற்கு முன், முதல் பன்னிரண்டு பக்கங்களை மட்டும் கறுப்பு வெள்ளையில் இருபக்கமாக அடித்தேன். ஆறு தாள். அவற்றை விளக்குக்கு எதிரே பிடித்தால், முன்பக்க எழுத்துப் பகுதியும் பின்பக்க எழுத்துப் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். அகலமான ஓரம் இரு பக்கமும் பைண்டிங் இருக்கும் திசையிலேயே விழ வேண்டும். விழுந்தது. அச்சுப் பெட்டியில் அளவை உண்மை அளவு என்று வைத்தேன். தாளுக்குப் பொருத்து என்று விட்டால் அச்சியின் விளிம்புக்காகப் பக்கம் சற்றுச் சுருங்கி, 35 மி.மீ. என்று விட்ட ஓரம் 35 ஆக இருக்காது.

இரண்டு பிரதிகளும் இரவு எட்டரைக்கு முடிந்தன. கோப்பு மறுநாள் காலை ஏறியது என்று தகவல் சொன்னார். அவருக்கு 74 தாளுக்கும் பைண்டிங்குக்கும் மட்டும் பணம் வாங்கிக்கொண்டேன். முதலில் அடித்த 37 தாளை எறியவில்லை. ஸ்பைரல் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். "முன்னால் ஒரு படத்தை மட்டும்" என்று யாராவது தொடங்கினால், இருபக்கமா ஒருபக்கமா என்று கேட்டுவிட்டு, அதைத்தான் எடுத்து நீட்டுகிறேன்.